உச்சியில் தொங்கும் சுமை

ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை நாலு பேர் கயிறு கட்டி மாடிக்கு இழுத்துவிடலாம். வெல்டிங் பட்டறையில் இரும்புத் தகட்டில் செய்த தொட்டி அப்படியல்ல. எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர், தகடு 3 மில்லிமீட்டர் என்றால் தகட்டின் எடை மட்டுமே 140 கிலோ. ஆங்கிள் சட்டத்தையும் சேர்த்து 160 என்று வைத்துக்கொள்வோம். அதை 22 அடி உயர மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டும்.

எல்லோரும் முதலில் கயிற்றைத்தான் சோதிக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, கப்பி தொங்கும் இடத்தை. மேலே ஒற்றைக் கப்பி மாட்டிக் கீழிருந்து இழுத்தால் தொட்டி 160 கிலோ, இழுக்கும் கை 160 கிலோ என இரண்டும் அந்த ஒரே இடத்தில்தான் தொங்கும். உராய்வையும் சேர்த்தால் அங்கே விழும் பாரம் 320 கிலோவைத் தாண்டும். கைப்பிடிச் சுவர் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கக் கட்டியதல்ல. அதில் கயிற்றைக் கட்டவோ, அதன்மேல் கட்டையை நீட்டிக் கப்பி மாட்டவோ கூடாது.

மேலும் கீழும் இரட்டைக் கப்பி போட்டால் நிலைமை மாறும். கயிற்றின் நுனியை மேல் கப்பியின் அடிவளையத்தில் கட்டி, கீழ் உருளை, மேல் உருளை என்று மாற்றி மாற்றிக் கோத்தால், கீழ்க் கப்பியை நான்கு கயிறுகள் தாங்கும். கணக்குப்படி 40 கிலோ இழுத்தால் போதும். ஆனால் ஒவ்வொரு உருளையும் உராய்வில் பத்தில் ஒரு பங்கை விழுங்கினால், உண்மையில் 50 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். அப்போது உச்சியில் விழும் பாரம் சுமார் 215 கிலோ. கைக்குக் குறைந்த பாரத்துக்கு நீளத்தில் விலை கொடுக்க வேண்டும்: தொட்டி 24 அடி ஏற, 96 அடி கயிறு இழுக்க வேண்டும்.

உச்சிக்கு உத்தரம் எப்படி அமைப்பது? மாடியிலிருந்து வெளியே நீட்டிய கட்டைக்கு வாலில் மூட்டை வைத்துச் சமாளிப்பது வழக்கம். ஒரு மூட்டை நகர்ந்தாலும் கட்டை எகிறும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுவரை ஒட்டித் தரையிலிருந்து இரும்புக் குழாய்ச் சாரம் எழுப்பி, குறுக்குக் குழாய் போட்டுக் கட்டடத்தோடு பிணைக்க வேண்டும். 4 அங்குல ஐ கர்டரின் ஒரு முனை சாரத்தின்மேலும், மறுமுனை மாடியில் நிறுத்திய சட்டத்தின்மேலும் உட்காரட்டும். சுமை இரண்டு தாங்கல்களுக்கு நடுவில் தொங்கும்போது கர்டர் கவிழ வழியில்லை. சாரம் எழுப்பும் முன் அருகில் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். போனால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டிக்கும் வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

கர்டரின் உயரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கப்பிகள் இரண்டும் முட்டிக்கொண்டால் அதற்கு மேல் சுமை ஏறாது. தொட்டி மூன்றேகால் அடி, அதைச் சுற்றிய பட்டைக் கயிறு கொக்கியில் கூடும் உயரம் 2 அடி, நெருங்கிய கப்பிகள் 2 அடி. அடியில் பலகை செருக இடம் விட்டால் கர்டர் மாடித் தளத்திலிருந்து 9 அடியில் இருக்க வேண்டும். இங்கே கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டாத பக்கத்தைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறேன். சுவர் இருந்தால் அதன் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டைக் கயிறு தொட்டியின் அடிவழியாக, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி வர வேண்டும். குழாய் வாயிலோ மூடியின் கைப்பிடியிலோ கொக்கி மாட்டினால் வெல்டிங் பிய்த்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. இழுகயிற்றைச் சாரத்தின் அடியில் கட்டிய இன்னொரு கப்பி வழியாகத் திருப்பிவிட்டால், இழுப்பவர்கள் சுமைக்குக் கீழே நிற்க வேண்டியதில்லை.

கயிற்றுக் கப்பி தானாக நிற்காது. கையை விட்டால் தொட்டி விழும். அதனால் இழுப்பவர்களுக்குப் பின்னால், உறுதியான கான்கிரீட் தூணில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, ஒருவர் தொய்வை மட்டும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இழுப்பவர் கை வழுக்கினாலும் தூணின் பிடிப்பு சுமையை நிறுத்தும். வாடகைக்கு ஒரு டன் செயின் பிளாக் கிடைத்தால் அதையே எடுங்கள். அதற்குள் பிரேக் இருக்கிறது.

முதலில் அரை அடி மட்டும் தூக்கி, ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். தொட்டி சாய்கிறதா, முடிச்சு நழுவுகிறதா, சாரத்தின் கால் மண்ணில் இறங்குகிறதா என்று பார்க்க அதுதான் நேரம். அதன்பின் தொட்டியின் அடியில் கட்டிய இரண்டு வழிகயிறுகளைத் தள்ளி நின்று பிடித்து, அது சுழலாமல் ஏற்றலாம்.

மாடி மட்டத்தைத் தாண்டியதும் தொட்டியைக் கையால் உள்ளே இழுக்கப் பார்ப்பதுதான் மிக ஆபத்தான கட்டம். ஊசலாடும் 160 கிலோ, விளிம்பில் நிற்பவரையும் சேர்த்து வெளியே கொண்டுபோய்விடும். அதற்குப் பதிலாகத் தூணில் கயிற்றைக் கட்டி நிறுத்திவிட்டு, சாரத்திலிருந்து மாடி விளிம்புக்கு இரண்டு இரும்புச் சேனல்களைத் தொட்டியின் அடியில் செருகி, நகராமல் கட்டுங்கள். செருகுபவர் பாதுகாப்பு பெல்ட் மாட்டி, அதைக் கட்டடத்தோடு கட்டியிருக்க வேண்டும். சேனல்மேல் குழாய்த் துண்டுகளைக் குறுக்கே போட்டு, தொட்டியை மெதுவாக அவற்றின்மேல் இறக்கி, மாடிப் பக்கமிருந்து கயிறு கட்டி உருட்டிக்கொள்ளலாம். கொக்கியை உடனே கழற்ற வேண்டாம். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்து, தொட்டி முழுவதும் தளத்துக்குள் வந்தபிறகு கழற்றுங்கள்.