சதுர அடிக்கு ஐந்து ரூபாய்

வீடு வாங்குகிறவர் கையில் பில்டர் கொடுக்கும் ஒப்பந்தம் நாற்பது பக்கம் இருந்தாலும், அவருடைய பணத்தைத் தீர்மானிப்பவை மூன்றே இடங்கள்தான். எப்போது எவ்வளவு கட்ட வேண்டும், வீடு எப்போது கைக்கு வரும், தாமதமானால் என்ன கிடைக்கும். இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் அடுத்தடுத்து இருப்பதில்லை. தவணை அட்டவணை கடைசியில் இணைப்பாக இருக்கும். ஒப்படைப்புத் தேதி நடுவில் எங்கோ நீண்ட வாக்கியம் ஒன்றுக்குள் கிடக்கும். இழப்பீடு அதற்கும் பல பக்கம் தள்ளி இருக்கும். அதனால் முழுதும் படித்தவருக்குக்கூட மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகிறது என்பது தெரியாமல் போய்விடுகிறது.

ஒப்பந்தத்தை ஒரே தாளுக்குச் சுருக்கி எழுதிக்கொள்வதுதான் இதற்கு வழி. எழுதும்போது சதவீதம் என்று இருப்பதையெல்லாம் ரூபாயாக மாற்ற வேண்டும், மாதம் என்று இருப்பதையெல்லாம் நாள்காட்டித் தேதியாக மாற்ற வேண்டும், பக்கத்திலேயே ஒப்பந்தத்தின் ஷரத்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்து பார்க்க, சென்னைப் புறநகரில் புழங்கும் ஒப்பந்தங்களின் வார்ப்பில் ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். தரைத்தளம் வண்டி நிறுத்த, மேலே நான்கு மாடி, மொத்தம் இருபது வீடுகள். நம் வீடு 1,150 சதுர அடி, விலை 80 லட்சம்.

தவணை அட்டவணை இப்படி இருக்கிறது: முன்பதிவுக்கு 10 சதவீதம், ஒப்பந்தம் போடும்போது 20, அடித்தளம் முடிந்ததும் 15, பிறகு ஐந்து கூரைத் தளங்களுக்கும் தலா 8, செங்கல் வேலையும் பூச்சும் முடிந்ததும் 10, சாவி கொடுக்கும்போது 5. கூட்டினால் நூறு. கணக்கில் குறை எதுவும் தெரியாது. இதை ரூபாயாக்கினால்தான் விஷயம் புலப்படும். கடைசித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் அன்று நாம் 68 லட்சம் கட்டி முடித்திருப்போம். மீதி இருப்பது 12 லட்சம். ஆனால் செங்கல், பூச்சு, டைல்ஸ், பிளம்பிங், வயரிங், லிஃப்ட், பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். பல கட்டடங்கள் எலும்புக்கூடாக நின்றுபோவது இந்தக் கட்டத்தில்தான். பில்டர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வாங்குகிறவர்களிடமிருந்து வர வேண்டிய பணம் அநேகமாக வந்துவிட்டது, இனி வேலையை முடிக்கத் தன் கையிலிருந்து போட வேண்டும் என்ற நிலையில் வேகம் தானாகக் குறைந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க மகாராஷ்டிராவின் ரெரா மாதிரி ஒப்பந்தம் ஒரு நல்ல அளவுகோல். அங்கே எல்லாத் தளங்களும் முடியும்போது மொத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சுவர், பூச்சு, தரை, குழாய், லிஃப்ட் என்று மீதி 30 சதவீதம் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் நம் வீட்டுக்கு அதே கட்டத்தில் 56 லட்சம்தான் போயிருக்கும். தமிழ்நாட்டில் வாங்குகிறவர் அந்த அட்டவணையைச் சட்டமாகக் காட்ட முடியாது. ஆனால் பேரத்துக்கு வைக்கலாம். பேசும்போது விலையில் ஐம்பதாயிரம் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, கடைசித் தளத்துக்குப் பிறகு வரும் தவணையை 15-லிருந்து 25 சதவீதமாக மாற்றச் சொல்வது பெரிய வெற்றி என்பது என் கருத்து.

அட்டவணையில் இன்னும் இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தளம் 'முடிந்ததும்' என்று இருக்கிறதா, 'தொடங்கியதும்' என்று இருக்கிறதா. தொடங்கியதும் என்றால் கம்பி கட்டும் நாளிலேயே டிமாண்ட் லெட்டர் வந்துவிடும். இரண்டாவது, பல பிளாக் உள்ள திட்டமானால் எந்த பிளாக்கின் தளம் என்பது. பொதுவாக 'கட்டடம்' என்று மட்டும் எழுதியிருந்தால் பக்கத்து பிளாக்கில் தளம் போட்டதற்கு நம்மிடம் பணம் கேட்க இடமிருக்கிறது. 'இன்ன பிளாக்கின் இரண்டாம் தளக் கூரைக்குக் கான்கிரீட் போட்டு முடிந்ததும்' என்று எழுதச் சொல்லுங்கள்.

முன்பதிவுத் தொகையைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 13-ஆம் பிரிவின்படி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. நம் வீட்டுக்கு அது 8 லட்சம். 'ஒப்பந்தம் ரெடியாகிட்டு இருக்கு சார், அதுக்குள்ள அடுத்த 16 லட்சத்தைப் போட்டுடுங்க' என்று கேட்டால் பதிவு முடியட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனி தேதி. ஷரத்து இப்படிப் போகும்: 'திட்ட அனுமதி கிடைத்த நாள் அல்லது அடித்தள வேலை தொடங்கிய நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 24 மாதம், அதன்மேல் 6 மாத கிரேஸ் பீரியட்.' இதில் தேதியே இல்லை என்பதைக் கவனியுங்கள். அடித்தளம் எப்போது தொடங்கும் என்பது பில்டர் கையில் இருக்கிறது. அவர் தொடங்காதவரை கடிகாரமே ஓடாது. நம் மாதிரியில் ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தாகிறது, அடித்தளம் ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. 24 மாதம் 2027 மார்ச் 31-இல் முடியும். கிரேஸையும் சேர்த்தால் 2027 செப்டம்பர் 30. மார்க்கெட்டிங் ஆள் சொன்னதோ '2026 தீபாவளிக்குக் குடி போயிடலாம் சார்'. அந்தப் பேச்சு ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

இன்னொரு தேதியும் இருக்கிறது. ரெராவில் திட்டத்தைப் பதிவு செய்தபோது பில்டர் தானே அறிவித்த நிறைவுத் தேதி. தமிழ்நாட்டில் பதிவான திட்டங்களை rera.tn.gov.in தளத்தில் பார்க்கலாம். அந்தத் தேதியையும் ஒப்பந்தத் தேதியையும் சுருக்கத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கையெழுத்துக்கு முன்பே காரணம் கேட்டு, ஷரத்தில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுத வையுங்கள். ரெரா பதிவு பின்னால் நடந்தது என்பதற்காக ஒப்பந்தத் தேதி தள்ளிப்போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

'ஒப்படைப்பு' என்றால் என்ன என்பதும் தேதியின் பகுதிதான். சில ஒப்பந்தங்களில் 'வீடு தயார்' என்று கடிதம் அனுப்பினாலே ஒப்படைத்ததாக அர்த்தம். இந்த அளவுள்ள அடுக்ககத்துக்கு சிஎம்டிஏவின் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் கிடைக்காது. எனவே அந்தச் சான்றிதழோடு சேர்ந்ததுதான் ஒப்படைப்பு என்று எழுதப்பட வேண்டும்.

தேதியைத் தள்ளும் 'தவிர்க்க முடியாத காரணங்கள்' பட்டியல் சில ஒப்பந்தங்களில் அரைப்பக்கம் இருக்கும்: ஆள் பற்றாக்குறை, மணல் தட்டுப்பாடு, சிமென்ட் விலை, அரசு அனுமதித் தாமதம், மின்வாரியத் தாமதம். ரெரா சட்டத்தின் 6-ஆம் பிரிவு இப்படி அள்ளிவிடவில்லை. போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், இவற்றைப் போன்ற இயற்கைச் சீற்றம் என்று நிறுத்திக்கொள்கிறது. மணல் கிடைக்கவில்லை என்பது அதில் வராது.

இப்போது இழப்பீட்டுக்கு வருவோம். ஷரத்து சொல்கிறது: தாமதமானால் மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய். ரூபாயாக்கினால் மாதம் 5,750. அதே ஒப்பந்தத்தில் வேறொரு பக்கத்தில், நாம் தவணையைத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. 8 லட்சம் தவணை ஒரே ஒரு மாதம் தாமதித்தாலே 12,000 ரூபாய் ஆகும். நாம் 8 லட்சத்தை ஒரு மாதம் பிடித்துவைத்தால் 12,000, அவர் நம் 68 லட்சத்தை ஒரு மாதம் பிடித்துவைத்தால் 5,750. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ரெராவின்படி இரு தரப்புக்கும் வட்டி விகிதம் ஒன்றுதான். தமிழ்நாட்டு விதிகளில் அது ஸ்டேட் வங்கியின் மிக உயர்ந்த எம்சிஎல்ஆர் வட்டியோடு 2 சதவீதம். எம்சிஎல்ஆர் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கணக்கு எளிதாக இருக்க மொத்தம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டின் பூச்சு வேலை நின்றுபோய், 2027 செப்டம்பருக்குப் பதில் 2028 மார்ச் 31-இல் சாவி கிடைக்கிறது. ஆறு மாதத் தாமதம். ஒப்பந்தப்படி கிடைப்பது 34,500. கட்டிய 68 லட்சத்துக்குச் சட்டத்தின் வழியில் ஆறு மாத வட்டி 3 லட்சத்து 40 ஆயிரம். கிட்டத்தட்ட பத்து மடங்கு. 18-ஆம் பிரிவின்படி, வீடு வேண்டும் என்று காத்திருப்பவருக்கு ஒப்படைக்கும் வரை ஒவ்வொரு மாதத்துக்கும் இந்த வட்டி உண்டு. வீடே வேண்டாம் என்று விலகுகிறவருக்குக் கட்டிய பணம் வட்டியோடு திரும்ப வர வேண்டும்.

சதுர அடிக்கு 5 ரூபாய் என்ற இதே ஷரத்து பெங்களூரு அடுக்ககம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020-இல் நீதிமன்றம் அந்தத் தொகையோடு நிறுத்தாமல், அதற்கு மேல் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு வழக்கில், பில்டருக்கு மட்டும் சாதகமான ஒருதலை ஷரத்துகள் நியாயமற்ற வணிக முறை, அவை வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பானது.

ஆனாலும் இழப்பீட்டு ஷரத்தின் பின்வாலைப் படிக்காமல் விடக் கூடாது. 'எல்லாத் தவணையையும் தாமதமின்றிக் கட்டியவருக்கு மட்டும்' என்று இருக்கலாம். 'கடைசித் தவணையில் கழிக்கப்படும்' என்று இருக்கலாம். சாவி வாங்கும் நாளில் நீட்டப்படும் ஒரு பக்கக் கடிதத்தில் 'இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருக்கலாம். புது வீட்டு மகிழ்ச்சியில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு இழப்பீடு கேட்கும்போது பில்டர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தக் கடிதத்தைத்தான். 'இழப்பீட்டு உரிமைக்குப் பாதகமின்றி' என்று கையெழுத்தின் மேல் எழுதிவிட்டு வாங்குங்கள்.

இதற்கெல்லாம் ஒரு வரம்பு உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டப்படும் திட்டத்துக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு இடத்தில் எழும் நான்கு வீட்டுக் கட்டடங்கள் இதில்தான் வரும். அங்கே தகராறு என்றால் நுகர்வோர் ஆணையம்தான் வழி, கையில் இருக்கும் ஆயுதமும் ஒப்பந்தம் ஒன்றுதான். சிறிய கட்டடம், தெரிந்த பில்டர் என்று ஷரத்தைப் பார்க்காமல் விடுகிறவர்கள் உண்மையில் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பார்க்க வேண்டியவர்கள்.

திருத்தம் கேட்டால் 'இது எல்லாருக்கும் போடுற ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட் மேடம்' என்பார்கள். அப்படியானால் துணை ஒப்பந்தமாகவாவது இருவரும் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். நாள் போட்ட ஒப்படைப்புத் தேதி, இரு பக்கமும் ஒரே வட்டி, கடைசித் தளத்துக்குப் பிறகு குறைந்தது கால் பங்குத் தவணை என்ற மூன்றையும் ஒரு பில்டர் எழுத்தில் தர மறுத்தால், அட்வான்ஸ் செக்கை எழுதாதீர்கள்.