வழக்குரை காதை: ஸ்லைடிலிருந்து குறிப்புச்சட்டகம் வரை

இலக்கிய வகுப்புக்கான ஸ்லைடுத் தொகுப்பு ஆசிரியரின் பேச்சுக்குத் துணையாகச் செய்யப்படுவது. ஒவ்வொரு ஸ்லைடிலும் நாலைந்து சொற்றொடர்கள்தான் இருக்கும். அவற்றை இணைக்கும் வாக்கியங்களை ஆசிரியர் வகுப்பில் வாயால் சொல்கிறார். மணி அடித்ததும் அவை போய்விடுகின்றன. மாணவரிடம் மிஞ்சுவது சொற்றொடர்கள் மட்டுமே. தேர்வுக்கு முன் அதே தொகுப்பை வைத்துக்கொண்டு நெடுவினாவுக்குத் தயாராகும் மாணவர், ஸ்லைடுகளின் தலைப்புகளை அப்படியே உட்தலைப்புகளாக எழுதிவிட்டு, சட்டகம் முடிந்தது என்று நினைப்பது வழக்கம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஸ்லைடுகள் பாடம் நடத்தும் வரிசையில் நிற்கின்றன: ஆசிரியர் குறிப்பு, நூற்குறிப்பு, பாடல், சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, நயம். கட்டுரைக்கு வேண்டியது ஒரு வினாவுக்கு விடை சொல்லும் வரிசை. இந்த இரண்டு வரிசைகளும் ஒத்துப்போவது அரிது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். மதுரைக் காண்டத்தில் வரும் இந்தக் காதை நூலின் 30 காதைகளில் 20-ஆவது. இதை நடத்தும் ஆசிரியரின் தொகுப்பில் ஏறத்தாழ இருபது ஸ்லைடுகள் இருக்கலாம்: இளங்கோவடிகள், மூன்று காண்டங்கள், முன்கதைச் சுருக்கம், நாலைந்து ஸ்லைடுகளில் பாடல், சொற்பொருள், பகுபத உறுப்பிலக்கணம், கோப்பெருந்தேவியின் கனவு, வாயிற்காவலன் கூற்று, கண்ணகிக்கும் அரசனுக்கும் நடக்கும் உரையாடல், சிலம்பு உடைதல், அரசனும் அரசியும் இறத்தல், உவமை நயம், கடைசியில் தொகுப்புரை.

முதல் வேலை, தொகுப்பில் உள்ள எழுத்தை வெளியே எடுப்பது. பவர்பாயிண்ட்டில் `Outline View` என்ற காட்சியைத் திறந்தால் ஸ்லைடுகளின் தலைப்பும் உரையும் வரிசையாகத் தெரியும். கோப்பைச் சேமிக்கும்போது `Outline/RTF` வடிவத்தைத் தேர்ந்தால் அதே உரை தனிக்கோப்பாகவும் கிடைக்கும். ஆனால் ஸ்லைடில் ஏற்கெனவே அமைந்த உரைப்பெட்டிகளில் தட்டியது மட்டுமே இதில் வரும். ஆசிரியர் தாமாகச் சேர்த்த பெட்டிகளில் உள்ளது வராது. பாடல் வரிகளைப் பெரும்பாலும் அப்படித் தனிப்பெட்டியில்தான் ஒட்டியிருப்பார்கள். எனவே காட்சியில் பாடல் காணவில்லை என்றால் கோப்பு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தொகுப்பு இன்னொரு சிக்கலைத் தரும். வேறு இடத்தில் ஒட்டியதும் ‘தமிழ்’ என்பது `jkpo;` என்று மாறி நிற்கும். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மேற்கொண்டு வேலை செய்ய முடியும். பாடநூல் பக்கத்தைப் படமாக ஒட்டியிருந்தால் நூலைப் பார்த்துத் தட்டுவதே விரைவான வழி.

அடுத்தது வினா. வினா இல்லாமல் சட்டகம் போடத் தொடங்கினால் எல்லா ஸ்லைடும் தேவையானதாகவே தோன்றும். ‘வழக்குரை காதை பற்றி எழுதுக’ என்பது கதைச் சுருக்கத்தைத்தான் வரவழைக்கும். ‘கண்ணகியின் வாதத்திறனை வழக்குரை காதை வழி விளக்குக’ என்பது எதை எடுப்பது, எதை விடுவது என்று காட்டிக்கொடுக்கும். இந்த வினாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்லைடின் சாரத்தையும் ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். அந்த வாக்கியத்துக்கு எழுவாயும் பயனிலையும் இருப்பது கட்டாயம். ‘சிலம்பு – மாணிக்கம் – முத்து’ என்று ஸ்லைடில் இருப்பதை, ‘தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி சொல்ல, தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று பாண்டியன் ஒப்புக்கொள்கிறான்’ என்று எழுதும்போதுதான் யார் முதலில் சொன்னது, யார் ஒப்புக்கொண்டது என்ற கேள்விகள் எழுகின்றன. வாக்கியமாக எழுத முடியாத ஸ்லைடு, புரியாத ஸ்லைடு. அதற்காக ஆசிரியரையோ நூலையோ நாட வேண்டியிருக்கும்.

இருபது ஸ்லைடுகளிலிருந்து பதினைந்து வாக்கியங்கள் கிடைத்தால் அவற்றில் பாதி விழுந்துவிடும். பகுபத உறுப்பிலக்கணம் இந்தக் கட்டுரைக்கு உதவாது. இளங்கோவடிகள் குறிப்பில் ஒரு வரி முன்னுரைக்குப் போதும். சேரன் செங்குட்டுவனின் தம்பி என்ற மரபுச் செய்தி தேர்வுத்தாள்களில் தவறாமல் இடம்பெறுகிறது. கண்ணகியின் வாதத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கோப்பெருந்தேவி காணும் தீய கனவு காதையின் தொடக்கத்தில் வருவதால் சட்டகத்திலும் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காவியச் சுவைக்கு அது முக்கியம்தான், ஆனால் வழக்கின் ஒரு சான்றாக அது நிற்பதில்லை. அதை விடுவது மாணவருக்குக் கடினம், ஏனென்றால் வகுப்பில் அதற்கென ஒரு முழு ஸ்லைடு ஒதுக்கி ஆசிரியர் விரிவாகப் பேசியிருப்பார். தொகுப்புரை ஸ்லைடைக் கவனித்து நீக்க வேண்டும். முன் வந்ததையே அது திரும்பச் சொல்வதால் ஒரே கருத்து இரண்டு உட்தலைப்புகளில் புகுந்துவிடும்.

மிஞ்சிய வாக்கியங்களை வாதம் நகரும் முறையில் அடுக்குவதே இந்த வேலையின் நடுப்பகுதி. கையில் ஒற்றைச் சிலம்போடு அவைக்கு வரும் கண்ணகி தன் பெயரை உடனே சொல்வதில்லை. ஆராய்ந்து நீதி செய்யாதவன் என்ற பொருளில் அரசனை விளித்த பின், புறாவுக்காகத் தன்னையே தந்த சோழனையும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் நினைவூட்டி, அத்தகைய புகார் தன் ஊர் என்கிறாள். கணவனின் பெயரும் தன் பெயரும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஸ்லைடில் இது ‘கண்ணகி தன்னை அறிமுகம் செய்தல்’ என்று இருக்கும். வாதத்திறன் என்ற நோக்கில் பார்த்தால் இங்கே நடப்பது அறிமுகம் அன்று: அரசனை எந்த அளவுகோலால் அளக்கப்போகிறாள் என்பதை அவனிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறாள். உட்தலைப்பும் அதற்கேற்ப மாற வேண்டும்.

கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்று அரசன் பதில் சொல்கிறான். மாணவர் பலர் இதை அரசனின் ஆணவமாக எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். உண்மையில் வழக்கு இந்த இடத்தில் ஒரே கேள்வியாகச் சுருங்குகிறது: கோவலன் கள்வனா? கண்ணகியும் சட்டத்தைப் பற்றி வாதாடாமல் நேரே பொருளுக்கு வருகிறாள். தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று முதலில் அறிவிக்கிறாள். அதை நல்ல சொல் என்று ஏற்ற அரசன், தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைப்பவனும் அவனே. அதன் பிறகே அவள் அதை உடைக்கிறாள். தெறித்த மணி அரசனின் முகத்தருகே செல்கிறது. சோதனையின் விதி முன்பே சொல்லப்பட்டது, எதிர்த்தரப்பு அதை ஏற்றது, சான்றுப்பொருளையும் எதிர்த்தரப்பே தந்தது. முடிவை மறுக்க யாருக்கும் இடமில்லை. கட்டுரையின் மிக நீண்ட பத்தி இதுவாகத்தான் இருக்க வேண்டும். தொகுப்பில் இதற்கு ஒரே ஸ்லைடுதான் இருக்கும், அதிலும் பாதி இடத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்லைடு எண்ணிக்கையைப் பார்த்துப் பத்தியின் அளவை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

இப்படி அடுக்கும்போது தொகுப்பில் இல்லாத ஒன்றும் தெரியவரும். அரசன் ஆராயவில்லை என்று கண்ணகி குற்றம் சாட்டுகிறாள். அதற்கான ஆதாரம் வழக்குரை காதையில் இல்லை, 16-ஆவது காதையான கொலைக்களக் காதையில் இருக்கிறது. ஊடிச் சென்ற அரசியைக் காணும் அவசரத்தில் இருந்த பாண்டியன், பொற்கொல்லன் சொன்னதை மட்டும் கேட்டு, கோவலனை அழைத்து விசாரிக்காமல் காவலருக்கு ஆணையிட்டுவிடுகிறான். முன்கதைச் சுருக்க ஸ்லைடு ‘கோவலன் கொல்லப்பட்டான்’ என்று முடித்திருந்தால் இந்த ஒரு வரியை ஆசிரியர் சேர்த்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரையில் குற்றச்சாட்டு அந்தரத்தில் நிற்கும்.

முடிந்த சட்டகம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

முன்னுரை: நூல், காதை, கண்ணகி கண்ணீரால் மட்டும் அன்று, வாதத்தாலும் வென்றாள் என்ற கருத்து.
அளவுகோலை முன்வைத்தல்: இரு சோழர் கதைகளைச் சொன்ன பிறகே தன் பெயரைச் சொல்கிறாள்.
குற்றச்சாட்டு: ஆராயாமல் இட்ட ஆணை, கொலைக்களக் காதைச் செய்தி.
வழக்கு ஒரே கேள்வியாதல்: அரசனின் பதிலும் அதை அவள் எதிர்கொள்ளும் விதமும்.
சான்று: மாணிக்கம், முத்து, உடைத்தல் என்ற வரிசையின் காரணம்.
தீர்ப்பு: அரசன் தன்னையே கள்வன் எனச் சொல்லி உயிர்விடுதல்.
முடிவுரை: தோற்றவனே தீர்ப்புச் சொன்னதில் அவளது வாதத்தின் வலிமை தெரிவது.

சட்டகம் சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. உட்தலைப்புகளை மட்டும் தொடர்ந்து வாசித்தால் வினாவுக்குச் சுருக்கமான விடை கிடைக்க வேண்டும். கதைச் சுருக்கம் கிடைத்தால் ஸ்லைடு வரிசை திரும்ப நுழைந்துவிட்டது என்று பொருள். இரண்டு உட்தலைப்புகளை இடம் மாற்றியும் எதுவும் கெடவில்லை என்றால் அவற்றுக்கிடையே இணைப்பு இல்லை. பாடல் அடிகளை மேற்கோளாகக் குறிக்கும்போது அது எந்த வாக்கியத்துக்குச் சான்று என்பதை அருகிலேயே எழுத வேண்டும். சான்றாக நிற்காத அடி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சட்டகத்தில் இடம் பெறாது.

எட்டாம் வகுப்பு மாணவருக்கு ஐந்து உட்தலைப்புகள் போதும். அளவுகோலையும் குற்றச்சாட்டையும் ஒன்றாக்கிவிட்டு, கேள்வி சுருங்கும் இடத்தை முழுவதும் விடலாம். பத்தாம் வகுப்பில் ஏழையும் வைக்கலாம். தேர்வு நேரத்தில் எல்லாவற்றுக்கும் சம அளவு எழுத இடமிருக்காது. சான்று, குற்றச்சாட்டு, அளவுகோல் என்ற முன்னுரிமையில் எழுதுவது நல்லது.

வினா மாறினால் சட்டகமும் மாறும், வாக்கியங்கள் அப்படியே இருக்கும். ‘பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலனா?’ என்று கேட்டால் நீக்கி வைத்த சில வாக்கியங்கள் திரும்ப வரும். அரசியின் கனவு அப்போது ஆட்சிக்கு நேரப்போகும் தீங்கின் முன்னறிவிப்பாக முன்னுரைக்குள் வரலாம். வாயிலில் நின்றவளைத் தடுக்காமல் உள்ளே அழைத்துவரச் சொன்னது அரசனுக்குச் சார்பான சான்றாகும், பொற்கொல்லனை நம்பியது எதிரான சான்றாகும், தன் தவறை உணர்ந்த கணத்திலேயே உயிர்விட்டது இரண்டுக்கும் நடுவே எடைபோட வேண்டிய செய்தியாகும். இரு சோழர் கதைகள் அந்தக் கட்டுரையில் ஒரே வரியில் முடிந்துவிடும்.