காலியாகத் தெரியும் மூன்றாம் சேனல்

இரவு ஒன்பது மணி ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வைஃபை திணறுகிறது. உடனே இணைய நிறுவனத்துக்குப் புகார் போகிறது. மறுநாள் காலை ஆள் வந்து கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டு, "எங்க பக்கம் லைன் சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பல வீடுகளில் அவர் சொல்வது உண்மைதான். ஃபைபர் வழியாக வீட்டுக்குள் வரும் இணையத்தில் குறை இல்லை. ரவுட்டரிலிருந்து உங்கள் கைக்கு வரும் கடைசிப் பத்திருபது அடியில்தான் நெரிசல்.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். விண்டோஸ் லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
ping -t 192.168.1.1
```

இது ரவுட்டரின் முகவரி. சில ரவுட்டர்களில் 192.168.0.1 என்று இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று திரையில் வரிசையாக ஓடும். எண்கள் பத்துக்குள் நிலையாக இருந்தால் வைஃபை மேல் பழி போட வேண்டாம், கோளாறு வெளியே இருக்கிறது. மூன்று, நான்கு என்று வந்துகொண்டிருக்கும்போதே 180, 400 என்று தாவி, நடுவில் Request timed out என்றும் வந்தால் சிக்கல் காற்றில் இருக்கிறது. ரவுட்டர் கண்ணெதிரே இருப்பதால் சிக்னல் போதவில்லை என்றும் சொல்ல முடியாது.

வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஓடுகிறது. இந்தப் பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்திய அரசு 2005-இல் அனுமதித்தது. இதில் நமக்கு 13 சேனல்கள் உண்டு. 13 என்றதும் தாராளமாகத் தோன்றும். ஆனால் ஒரு சேனலின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டர் பேசுவதற்கோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் ஒவ்வொரு சேனலும் பக்கத்துச் சேனல்களின் மேல் ஏறித்தான் உட்கார்ந்திருக்கும். ஒன்றையொன்று தொடாமல் இருப்பவை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டவை 1, 6, 11 ஆகிய மூன்றே.

சேனல் தேர்வில் பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொள்ளும். நல்ல கூட்டத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பொறுப்பதைப் போல, காற்று ஓயும்வரை காத்திருந்து தன் முறையில் பேசும். வேகம் பங்குபோகும், ஆனால் போகும் செய்தி முழுதாகப் போய்ச் சேரும். பாதி மட்டும் மேலேறியிருக்கும் சேனலில் இந்த ஒழுங்கு குலைகிறது. பக்கத்து ரவுட்டர் பேசுவது பேச்சாகவே தெரியாது, வெறும் இரைச்சலாக விழும். இரைச்சல் மிகப் பலமாக இருந்தாலொழிய உங்கள் ரவுட்டர் காத்திருக்காமல் பேசும். பேசியது சிதையும், திரும்ப அனுப்பும், அதுவும் சிதையும். ping எண்கள் திடீரென்று தாவுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாடி, நான்கு பக்கமும் குடித்தனம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை செயலி ஒன்றை இறக்கி, இரவு ஒன்பது மணிக்குப் படுக்கையறையில் நின்று பார்க்கிறார்கள். முதல் சேனலில் ஆறு பெயர்கள். அவற்றில் ஒன்று மட்டும் -74 dBm, மற்றவை -84-க்கும் கீழே. ஆறாம் சேனலில் இரண்டே பெயர்கள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு -46. பதினொன்றில் நான்கு பேர். மூவர் -58 முதல் -66 வரை. மூன்றாம் சேனலில் யாருமே இல்லை.

இந்த எண்கள் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலமானது. பத்து எண் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு. -46-க்கும் -74-க்கும் இடையே ஏறக்குறைய 600 மடங்கு இருக்கிறது.

படத்தைப் பார்த்தவுடன் கை மூன்றுக்குத்தான் போகும். அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். மூன்றாம் சேனல் 2412 முதல் 2432 வரை பரவுகிறது. முதல் சேனல் 2402 முதல் 2422 வரை. ஆறாம் சேனல் 2427-இல் தொடங்குகிறது. ஆக, மூன்றில் போய் உட்கார்ந்தால் இருபக்க இரைச்சலும் உங்களுக்கே, உங்கள் இரைச்சலும் இருபக்கத்தாருக்கும். யாரோ ஒருவர் மூன்றிலோ எட்டிலோ ரவுட்டரை வைத்தால் அந்த மாடியே அவதிப்படும்.

பெயர்களை எண்ணினால் ஆறாம் சேனல் நல்லதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டில் மாலை முழுக்க டிவியில் படம் ஓடினால், இங்கே பாதி நேரம் காத்திருப்பிலேயே கழியும். முதல் சேனலில் ஆறு பேர் இருந்தாலும் ஐந்து பேர் தூரத்து முணுமுணுப்பு. இந்த வீட்டுக்கு 1 தான் சரி. எனினும் யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று இந்தப் படம் காட்டாது. எனவே ஒரு மாலை 1, மறு மாலை 11 என்று வைத்து, அதே நேரத்தில் ping ஓடவிட்டு ஒப்பிடுவதே முடிவான சோதனை. பகல் பதினொரு மணிக்குப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அப்போது பாதி வீடுகள் பூட்டியிருக்கும். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் தேட அனுமதிக்கும். ஆகவே ஒவ்வொரு அறையிலும் அரை நிமிடமாவது நின்று படிக்க வேண்டும்.

மாற்றுவது எளிது. பிரவுசரில் ரவுட்டர் முகவரியை அடித்து உள்ளே போய், Wireless பகுதியில் Channel என்பதை Auto-விலிருந்து 1-க்கு மாற்றுங்கள். அங்கேயே Channel Width இருக்கும். அதை 20 MHz ஆக்குங்கள். 40 என்று விட்டால் ஒரே ரவுட்டர் இந்தச் சிறிய பகுதியில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

Auto இருக்கும்போது நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். பல சாதாரண ரவுட்டர்கள் மின்சாரம் வந்து விழிக்கும்போது மட்டுமே சேனலைத் தேடுகின்றன. மின்வெட்டு முடிந்து மாடி முழுக்க ரவுட்டர்கள் ஒரே நொடியில் விழித்தால், எல்லாவற்றுக்கும் எல்லாச் சேனலும் காலியாகவே தெரியும். அன்று பிடித்த இடத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும்.

மூன்று சேனல்களும் நிரம்பி வழியும் கட்டடங்கள் உண்டு. அங்கே 2.4-க்குள் எதை மாற்றினாலும் பெரிய பலன் இருக்காது; 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போக வேண்டும். 2018-இல் அரசு அந்தப் பகுதியில் கூடுதல் இடத்தைத் திறந்துவிட்டதால் சேனல்கள் நிறைய உண்டு. அந்த அலை கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும் என்று குறை சொல்வார்கள். அடுக்குமாடியில் அதுவே நன்மை: பக்கத்து வீட்டுச் சத்தம் உள்ளே வராது. டிவி, லேப்டாப், போன் மூன்றையும் அங்கே மாற்றிவிட்டு, பழைய பிரின்டரையும் கேமராவையும் மட்டும் 2.4-இல் விடலாம். 36 முதல் 48 வரை ஒரு தொகுதி, 149 முதல் 161 வரை இன்னொன்று. கூட்டம் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள 52 முதல் 144 வரையிலானவை ரேடாருடன் பகிரும் சேனல்கள். ரேடார் சிக்னல் பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும், இணைப்பு சட்டென்று அறும். விமான நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு செய்த பிறகும் மேல்வீட்டு ரவுட்டர் மூன்றாம் சேனலில் நின்றால், ஒன்றாம் சேனலில் இருக்கும் உங்களை அது தொந்தரவு செய்துகொண்டேதான் இருக்கும். அதை உங்கள் ரவுட்டரில் சரிசெய்ய முடியாது. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், "எல்லோரும் 1, 6, 11 இவற்றில் ஒன்றை வைத்து, அகலத்தை 20 ஆக்குங்கள்" என்று ஒரு செய்தி போடுங்கள். எப்படி மாற்றுவது என்று தெரியாதவர் வீட்டுக்கு நீங்களே போய் மாற்றிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.