குப்பைப் படம் எங்கே எடுக்கப்பட்டது? ஒரு சிறு துண்டை வெட்டித் தேடும் முறை

பாறசாலை: தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் சாலையோரக் குப்பைக் குவியலின் படம் கைப்பேசியில் பரவுவது புதிதல்ல. ஒரே படம், களியக்காவிளைக்கு இப்பால் "தமிழகக் குப்பை" என்றும், அப்பால் "கேரளக் குப்பை" என்றும் சுற்றுகிறது. படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதை அறிய, அதிலுள்ள ஒரு சிறு பொருளை மட்டும் வெட்டியெடுத்து இணையத்தில் தேடும் முறை உதவும்.

முழுப் படத்தையும் கூகுள் லென்ஸ் போன்ற தேடுபொறியில் இட்டால், பெரும்பாலும் வேறு குப்பைக் குவியல்களே விடையாக வரும். படத்தில் அதிக இடத்தை அடைத்திருப்பது எதுவோ, அதையே தேடுபொறி முதன்மையாகக் கொள்கிறது. ஓரத்தில் தெரியும் கோபுர நுனியோ, கிழிந்த உறையோ அதன் கணக்கில் வருவதில்லை. அந்தச் சிறு பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தால், தேடல் அதைப் பற்றியதாக மாறுகிறது.

ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், 2017-ல் தொடங்கிய பொதுமக்கள் திட்டத்தில் இதே வழியைக் கையாண்டது. சிறார் மீதான குற்றங்கள் தொடர்பான படங்களின் பின்னணியில் இருந்த பை, புட்டி போன்ற பொருள்களை மட்டும் வெட்டியெடுத்து வெளியிட்டு, அவை எந்த நாட்டைச் சேர்ந்தவை என்று மக்களிடம் கேட்டது.

நகரும் பொருள், நகராப் பொருள்

எதை வெட்டுவது என்பதே இம்முறையின் முக்கியக் கேள்வி. குவியலில் கிடக்கும் பால் உறையை வெட்டித் தேடினால், அது மில்மா உறையா, ஆவின் உறையா என்பது தெரியவரும். ஆனால், அது குப்பை எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதற்கான குறிப்பே தவிர, படம் எடுக்கப்பட்ட இடத்துக்குச் சான்றாகாது. வாகனப் பதிவெண்ணும் அவ்வாறே. KL-19 பாறசாலையையும் TN-75 மார்த்தாண்டத்தையும் குறித்தாலும், இரு வண்டிகளும் நாள்தோறும் எல்லையைக் கடக்கின்றன.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டபோது, குவியலில் கிடந்த காகிதங்களே அவை திருவனந்தபுரம் மருத்துவமனைகளிலிருந்து வந்தவை என்பதைக் காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, கேரள அரசு அவற்றை அகற்றியது. நகரும் பொருள் குப்பையின் பிறப்பிடத்தைச் சொல்லும்; இடத்தைச் சொல்ல நகராப் பொருள் வேண்டும்.

நகராப் பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு: அத்தகைய ஒரு படத்தின் மேல் மூலையில், தென்னை மரங்களுக்கு மேலாக உருண்டையான ஓர் உச்சி தெரிவதாகக் கொள்வோம். அதை மட்டும் வெட்டித் தேடும்போது, நெய்யாற்றின்கரையை அடுத்த செங்கல் மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலின் 111.2 அடி உயரச் சிவலிங்கம் விடையாக வந்தால், இடம் ஏறத்தாழத் தெளிவாகிவிடும். காலமும் ஓரளவு தெரியும். 2012-ல் பணி தொடங்கி, 2019-ல் திறக்கப்பட்ட கட்டடம் அது. ஆகவே, "2010-ல் எடுத்த படம்" என்று அதைப் பரப்பினால் அக்கூற்று தவறு.

வெட்டும் விதம்

முதலில், அனுப்பியவரிடம் மூலப் படத்தைக் கோப்பாகப் பெற வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் வரும் படம், நீளப் பக்கத்தில் சுமார் 1,600 படப்புள்ளிகளாகச் சுருங்குகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள பொருளுக்கு 160 புள்ளிகளே மிஞ்சும். திரைப்பிடிப்பு எடுத்தால் அதுவும் குறையலாம்.

பொருளின் முழு விளிம்பும் தெரியுமாறு, சுற்றிலும் சிறிது இடம் விட்டு வெட்டுவது நல்லது. விளிம்போடு ஒட்டி வெட்டினால் வடிவம் சிதையும். அதிகம் விட்டால் மரமும் வானமும் மீண்டும் தேடலைக் கைப்பற்றும். கூகுள் லென்ஸில் படத்தின் மீது தோன்றும் சட்டத்தின் மூலைகளை இழுத்தும் இதைச் செய்யலாம். டின்ஐ என்னும் தேடுபொறி, அதே படத்தின் நகல்களையே கண்டுபிடிக்கும். பொருளை அடையாளம் காண அது பெரிதும் பயன்படாது.

தவறு நேரும் இடங்கள்

பிளாஸ்டிக் நாற்காலி, சாதாரண மின்கம்பம் போன்றவை எங்கும் உள்ளவை. அவற்றைத் தேடிப் பயனில்லை. பெயர்ப்பலகை எழுத்தும் எல்லையில் ஏமாற்றக்கூடும். ஏனெனில், இங்கு தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. எழுத்து வலமிடமாகத் தெரிந்தால், படம் திருப்பப்பட்டுள்ளது என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகே வெட்ட வேண்டும்.

தேடுபொறி தரும் விடை, வடிவ ஒப்புமை மட்டுமே. கிடைத்த இடத்தின் வேறு படங்களோடு சாலை வளைவு, மதில், கூரை ஆகியவற்றில் இன்னும் இரண்டாவது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றும் பொருந்தவில்லை எனில், வேறு பொருளை வெட்டி மீண்டும் தேடுவதே முறை.