K-ஐ எவ்வளவு ஏற்றலாம்? எட்டுப் படிகளில் ரூத் அட்டவணையும் ரூட் லோகஸும்

ஓர் ஆன்டெனாவை நாம் சொல்லும் திசைக்குத் திருப்பி நிறுத்த ஒரு மோட்டார் இருக்கிறது. சொன்ன கோணத்துக்கும் ஆன்டெனா இப்போது நிற்கும் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை K மடங்கு பெருக்கி மோட்டாருக்குக் கொடுக்கிறோம். K சிறியதாக இருந்தால் ஆன்டெனா சோம்பலாக நகரும். K-ஐ ஏற்றினால் வேகமாகப் போய் இலக்கைத் தாண்டி, திரும்பி வந்து, மறுபடி தாண்டி, ஆடி அடங்கும். இன்னும் ஏற்றினால் ஆட்டம் அடங்காது. ஒவ்வொரு முறையும் பெரிதாகும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை மோட்டாரைத் தொடாமல் தாளிலேயே கண்டுபிடிப்பதுதான் நிலைத்தன்மைச் சோதனை.

இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, இங்கிலாந்தின் எட்வர்ட் ரூத் 1877-இல் வெளியிட்ட அட்டவணை. மற்றொன்று, அமெரிக்கப் பொறியாளர் வால்டர் எவன்ஸ் 1948-இல் தந்த ரூட் லோகஸ் வரைபடம். அட்டவணை எல்லையைச் சொல்லும். வரைபடம் அந்த எல்லைக்குள் எங்கே நிற்கலாம் என்று காட்டும். இரண்டையும் ஒரே கணக்கில் வரிசையாகப் பார்ப்போம். நமது மோட்டாரின் மாதிரி இது:

```
G(s) = K / [ s (s+2) (s+4) ]
```

படி 1: மூடிய சுற்றின் சமன்பாட்டை எழுதுங்கள். சோதிக்க வேண்டியது G-யின் பகுதியை அல்ல, 1 + G(s) = 0 என்பதை. பரீட்சையில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். பெருக்கி விரித்தால் கிடைப்பது:

```
s³ + 6s² + 8s + K = 0
```

இந்தச் சமன்பாட்டின் மூன்று மூலங்கள்தான் ஆன்டெனா எப்படி நகரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு மூலத்தின் மெய்ப்பகுதி எதிர்க்குறியாக இருந்தால் அதனால் வரும் அசைவு நேரம் போகப் போகத் தேயும். நேர்க்குறியாக இருந்தால் வளரும். ஆகவே மூன்று மூலங்களும் s தளத்தின் இடப்பாதியில் இருந்தாக வேண்டும்.

படி 2: குறிகளைப் பாருங்கள். எந்த உறுப்பும் விடுபடாமல், எல்லாக் கெழுக்களும் ஒரே குறியுடன் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிலைத்தன்மை இல்லை என்று அங்கேயே எழுதி முடித்துவிடலாம். இருந்தால் மட்டும் போதுமா? போதாது. K = 60 என்று வைத்தாலும் கெழுக்கள் எல்லாம் நேர்க்குறிதான்; ஆனால் மோட்டார் அடங்காமல் ஆடும். அதை அடுத்த படிதான் காட்டிக்கொடுக்கும்.

படி 3: ரூத் அட்டவணையைப் போடுங்கள். முதல் இரண்டு வரிசைகளில் கெழுக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக எழுதுங்கள். அடுத்த வரிசைக்குக் குறுக்காகப் பெருக்கிக் கழித்து, மேல் வரிசையின் முதல் எண்ணால் வகுக்க வேண்டும்.

```
s³ |     1       8
s² |     6       K
s¹ | (48-K)/6    0
s⁰ |     K
```

மூன்றாம் வரிசையில் (6×8 − 1×K)/6 வந்திருக்கிறது. முதல் நெடுவரிசையை மேலிருந்து கீழே படியுங்கள். குறி எத்தனை முறை மாறுகிறதோ அத்தனை மூலங்கள் வலப்பாதியில் இருக்கும். ஒருமுறைகூட மாறாமலிருக்க 0 < K < 48 என்று இருக்க வேண்டும். K = 60 என்றால் மூன்றாம் எண் −2. குறி ஒருமுறை கீழே இறங்கி, பிறகு மேலே ஏறுகிறது. இரண்டு மாற்றம், வலப்பாதியில் இரண்டு மூலங்கள்.

படி 4: எல்லையில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். K = 48 ஆகும்போது s¹ வரிசை முழுவதும் பூச்சியம். அப்போது மேல் வரிசையைச் சமன்பாடாக எழுத வேண்டும்: 6s² + 48 = 0. விடை s = ±j2.83. ஆட்டம் வளரவும் இல்லை, தேயவும் இல்லை, ஏறக்குறைய 2.2 வினாடிக்கு ஒரு முறை ஆன்டெனா போய்வந்துகொண்டே இருக்கும்.

படி 5: இனி வரைபடம். தொடக்கப் புள்ளிகளைக் குறியுங்கள். K = 0 ஆக இருக்கும்போது மூலங்கள் 0, −2, −4. மூன்றிலும் பெருக்கல் குறி போடுங்கள். மூன்று கிளைகள் இங்கிருந்து புறப்படும். மெய் அச்சில் எந்தத் துண்டு பாதையில் சேரும் என்பதற்கு ஒரு விதி: அந்தத் துண்டுக்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஆகவே 0 முதல் −2 வரை பாதை. −2 முதல் −4 வரை இல்லை. −4-க்கு இடப்பக்கம் மறுபடி பாதை.

படி 6: தொலைவில் கிளைகள் போகும் திசையைப் போடுங்கள். வழிகாட்டிக் கோடுகள் சந்திக்கும் இடம் (0 − 2 − 4)/3 = −2. கோணங்கள் 60, 180, 300 பாகை. ஏன் இரண்டு கிளைகள் வலப்பக்கம் சாய்கின்றன? s²-இன் கெழு 6 என்பதால், K எதுவானாலும் மூன்று மூலங்களின் கூட்டுத்தொகை −6 தான். ஒரு மூலம் இடப்பக்கம் ஓடினால், கூட்டுத்தொகையைக் காப்பாற்ற மற்ற இரண்டும் வலப்பக்கம் வந்தே தீரவேண்டும். K-ஐ ஏற்றும்போது மோட்டார் கட்டுமீறுவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

படி 7: பிரியும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். 0-இலிருந்தும் −2-இலிருந்தும் கிளம்பிய கிளைகள் எதிரெதிரே வந்து முட்டி, மேலும் கீழுமாகப் பிரிகின்றன. K = −(s³ + 6s² + 8s) என்று எழுதி வகையிட்டுப் பூச்சியமாக்கினால் 3s² + 12s + 8 = 0. விடைகள் −0.845, −3.155. இரண்டாவது பாதையில் இல்லாத துண்டில் விழுகிறது, அதை அடித்துவிடுங்கள். −0.845-இல் K = 3.08. இதற்குக் கீழே ஆன்டெனா ஆடாமலே போய் நிற்கும். மேலே போனால் ஆடி அடங்கும்.

படி 8: வளைவை இணைத்து, K-ஐத் தேர்ந்தெடுங்கள். −0.845-இலிருந்து கிளம்பும் வளைவு, படி 4-இல் கிடைத்த ±j2.83 வழியாகக் கற்பனை அச்சைக் கடக்கும். வழிகாட்டிக் கோடு அச்சை வெட்டும் இடம் j3.46. அதையே கடக்கும் புள்ளியாக எழுதிவிடுவது வழக்கமான பிழை. கோட்டை வளைவு தொலைவில்தான் நெருங்கும்.

இப்போது மூலப்புள்ளியிலிருந்து, எதிர் மெய் அச்சுக்கு 60 பாகையில் ஒரு கோடு போடுங்கள். அது தணிப்பு விகிதம் 0.5-க்கு உரிய கோடு. ஆன்டெனா இலக்கைச் சுமார் 16 சதவீதம் மட்டும் தாண்டும். கோடு வளைவை −0.67 + j1.15 என்ற இடத்தில் வெட்டும். அங்கிருந்து மூன்று தொடக்கப் புள்ளிகளுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்தால் 1.33, 1.76, 3.53. மூன்றையும் பெருக்கினால் K கிடைக்கும்: ஏறக்குறைய 8.3. எல்லையான 48-க்கு இன்னும் கிட்டத்தட்ட ஆறு மடங்கு இடைவெளி இருக்கிறது.

இந்த 48 மாதிரிக்கு உரிய எண் என்பதை மறக்கக்கூடாது. கட்டளை போய்ச் சேர 0.2 வினாடி தாமதம் இருந்தால் எல்லை சுமார் 23-க்கு இறங்கிவிடும். தாமதம் சமன்பாட்டைப் பல்லுறுப்புக் கோவையாக இருக்கவிடாது. அப்போது ரூத் அட்டவணையை நேரடியாகப் போட முடியாது, நைக்விஸ்ட் அல்லது போடே வரைபடத்துக்குப் போக வேண்டும்.

தாளைக் கொடுப்பதற்கு முன் விடையைச் சரிபார்க்க ஒரு வரி போதும். K = 8.3-இல் இரண்டு மூலங்களின் மெய்ப்பகுதி −0.67, −0.67. மூன்றாவது −4.67. கூட்டினால் ஏறக்குறைய −6 வருகிறது. வராவிட்டால் வளைவை வரைந்ததில் எங்கோ தவறு.