ரெனிஸ் பந்தாட்டமும் மார்க்கொவ் சங்கிலியும்

2019ஆம் ஆண்டு யூலை மாதம் 14ஆந் திகதி விம்பிள்டனில் நடைபெற்ற ஆடவர் இறுதிப் போட்டியிலே, ஐந்தாஞ் செற்றில் றோஜர் பெடரர் 8–7 என முன்னின்று, தமது சேர்விஸ் ஆட்டத்தில் 40–15 என்னும் நிலையை அடைந்தார். இன்னும் ஒரு புள்ளி கிடைப்பின் கிண்ணம் அவருடையது. அதனைப் பெற இரண்டு வாய்ப்புக்கள் அவர் கையில் இருந்தன. இரண்டும் தவறின. அவ்வாட்டத்தை நோவாக் ஜோக்கோவிச் வென்றார். பின்னர் 12–12 என்ற நிலையில் ஆடப்பட்ட ரைபிரேக்கில் போட்டியையும் வென்றார். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீடித்த அப்போட்டியிலே பெடரர் பெற்ற புள்ளிகள் 218. ஜோக்கோவிச் பெற்றவை 204. அதிக புள்ளி பெற்றவர் தோற்றார்.

இப்போட்டியை நினைவுகூருவோர் யாவரும் அவ்விரு வாய்ப்புக்களையே பேசுவர். அவையே போட்டியின் தலைவிதியை மாற்றின என்பது பொதுக் கருத்து. அக்கருத்து எவ்வளவிற் சரியானது என்பதை எண்ணால் அளந்து காணலாம். அதற்கு வேண்டிய கருவி மிக எளியது. கல்லூரியிலே அட்சரகணிதம் கற்றவர் எவரும் ஒரு தாளும் பென்சிலுங்கொண்டு செய்யத்தக்கது.

அக்கருவியின் பெயர் மார்க்கொவ் சங்கிலி. அந்திரேய் மார்க்கொவ் என்னும் உருசிய கணித அறிஞர் 1906ஆம் ஆண்டு முதலாக இதனை ஆராய்ந்தார். 1913இல் அவர் அதனைப் பயன்படுத்திக் காட்டியது விளையாட்டிலன்று. புஷ்கினுடைய செய்யுட் காவியமொன்றின் இருபதாயிரம் எழுத்துக்களை உயிரென்றும் மெய்யென்றும் பிரித்து எண்ணிக் காட்டினார். சங்கிலியின் இலக்கணம் இதுவே: ஒரு பொருள் இப்போது எந்நிலையில் உள்ளது என்பதை அறிந்தாற் போதும், அந்நிலைக்கு அது எவ்வழியாக வந்தது என்பதை அறியவேண்டுவதில்லை. ரெனிஸ் ஆட்டத்தின் புள்ளி முறை இதற்கென்றே வகுத்தது போன்றது. 30–30 என்ற நிலைக்கு முன்பு 30–0 இருந்ததோ 0–30 இருந்ததோ, இனி ஆடவேண்டியது ஒன்றே.

சேர்விஸ் செய்பவர் ஒரு புள்ளியை வெல்லும் நிகழ்தகவை p என்போம். தோற்கும் நிகழ்தகவு q. இரண்டுங் கூடின் 1. ஒவ்வொரு புள்ளியிலும் p மாறாது எனக் கொள்வோம். இக்கொள்கை எவ்வளவு தாங்கும் என்பதைப் பின்னர் நோக்குவோம்.

கணக்கை முடிவிலிருந்து பின்னோக்கிச் செய்தல் வேண்டும். முதலில் டியூஸ் எனப்படும் சமனிலையை எடுப்போம். அங்கிருந்து வெல்லும் நிகழ்தகவு D எனின், அடுத்த இரு புள்ளிகளையும் சேர்விஸ் செய்பவர் வென்றால் ஆட்டம் அவருடையது. ஆளுக்கொன்றாகப் பிரிந்தால் மீண்டும் டியூஸ். இரண்டையும் இழந்தால் ஆட்டம் போயிற்று. ஆகவே,

D = p² + 2pqD

இதனைச் சுருக்கின்,

D = p² / (p² + q²)

முடிவின்றி நீளக்கூடிய ஓர் ஆட்டத்தை இரண்டு வரியில் அடக்கிவிட்டோம். உயர்தர ஆடவர் புற்றரையில் ஆடும்போது தம் சேர்விஸில் நூற்றுக்கு எழுபதளவிற் புள்ளி பெறுதல் இயல்பாதலின், p = 0.7 எனக் கொள்வோம். அப்போது D = 0.49 / 0.58, அதாவது 0.845. எஞ்சிய நிலைகளெல்லாம் இதிலிருந்து படிப்படியாகப் பிறக்கும். 40–30இல் ஒரு புள்ளி வென்றால் ஆட்டம் முடியும், தோற்றால் டியூஸ், ஆகவே 0.7 + 0.3 × 0.845, அதாவது 0.953. 40–15இல் தோற்றால் 40–30, ஆகவே 0.7 + 0.3 × 0.953, அதாவது 0.986. எதிராளி முன்னிலை பெற்ற நிலையில் 0.7 × 0.845, அதாவது 0.591. இவ்வாறு 0–0 வரை பின்சென்றால் ஆட்டத்தின் தொடக்கத்தில் 0.901 என வரும். 30–30ஐ டியூஸுடனும், 40–30ஐயும் 30–40ஐயும் அவற்றிற்கொத்த முன்னிலைகளுடனும் சேர்த்தால், ஓர் ஆட்டத்துக்கு வேண்டிய நிலைகள் பதினைந்தே. புள்ளியிலே நூற்றுக்கு எழுபது, ஆட்டத்திலே நூற்றுக்குத் தொண்ணூறாக வளர்வதைக் கவனிக்க. சேர்விஸை முறித்தல் அரிதாவதன் காரணம் இதுவே.

ஆட்டத்துக்குச் செய்ததையே செற்றுக்கும், செற்றிலிருந்து போட்டிக்குஞ் செய்யலாம். நமக்கு வேண்டிய இடத்தில் அது மிக எளிது. 8–7இல் பெடரர் தம் ஆட்டத்தை வென்றால் போட்டி முடிந்தது. இழந்தால் 8–8. இருவர்க்கும் p ஒன்றே எனின், அங்கிருந்து ஒருவர்க்கு ஒருவர் மிகார். ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆட்டம் சேர்விஸ் செய்யும் இணையாட்டங்களாகவே செற் செல்லும், ரைபிரேக்கும் அவ்வாறே. ஆதலின் 8–8 என்பது சரிபாதி, 0.5.

இப்போது புள்ளிக்குப் புள்ளி நடந்துவருவோம். 40–15இல் பெடரர் போட்டியை வெல்லும் நிகழ்தகவு: ஆட்டத்தை வெல்லும் 0.986உடன், இழக்கும் 0.014இன் பாதியைக் கூட்டுக, 0.993. நூற்றுக்கு 99.3. முதல் வாய்ப்புத் தவறி 40–30 ஆனபோது 97.7. பெடரர் வலையை நோக்கி முன்னேற, ஜோக்கோவிச் குறுக்காக அடித்த பந்து அவரைக் கடந்து சென்று இரண்டாம் வாய்ப்பும் தவறி டியூஸ் ஆனபோது 92.2. அங்கிருந்து ஆட்டத்தை இழப்பதற்குக் கடந்தே தீரவேண்டிய படி எதிராளியின் முன்னிலை, அங்கே 79.6. ஆட்டம் போனபின் 50.

இவ்வெண்களை மெல்ல வாசித்தல் நன்று. உலகம் மறவாத அவ்விரு புள்ளிகளும் பெடரரிடமிருந்து பறித்தவை நூற்றுக்கு ஏழே. இரண்டும் தவறிய பின்னரும் அவர் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வெற்றியாளராகவே நின்றார். பெரும் வீழ்ச்சி பின்னர் வந்தது: டியூஸில் தோற்ற புள்ளி ஏறத்தாழப் பதின்மூன்றையும், ஆட்டத்தை முறித்த கடைசிப் புள்ளி ஏறத்தாழ முப்பதையுங் கொண்டுபோயின.

ஒரு புள்ளியின் எடையை அளக்க, அதனை வென்றால் இருக்கும் நிகழ்தகவிலிருந்து தோற்றால் இருக்கும் நிகழ்தகவைக் கழித்தல் வேண்டும். காள் மொறிஸ் என்னும் புள்ளிவிபரவியலார் 1977இல் இவ்வளவையை விளக்கினார். 40–15இல் அந்த எடை 2.3, 40–30இல் 7.8, டியூஸில் 18.1, எதிராளி முன்னிலையில் நிற்கையில் 42.2. இறுதிப் புள்ளியின் எடை முதல் வாய்ப்பின் எடையைப்போற் பதினெட்டு மடங்கு! 40–15இல் பார்வையாளர் மூச்சடக்கி நிற்பது வெற்றி அண்மையில் உள்ளதால். அப்புள்ளி கனமானது என்பதனாலன்று. அண்மையையும் கனத்தையும் ஒன்றெனக் கொள்வதே பொதுவான மயக்கம் என்பது எமது எண்ணம். 204 புள்ளி பெற்றவர் 218 பெற்றவரை வென்றதும் இவ்வாற்றான். புள்ளிகள் எண்ணிக்கையில் ஒன்றாயினும் எடையில் ஒன்றல்ல.

இனி, கணக்கின் வலுக்குறைவைக் கூறுவோம். முதலாவது, p எங்கிருந்து வருகின்றது? சங்கிலி அதனைத் தராது, நாமே இடவேண்டும். 0.7க்குப் பதிலாக 0.65 எனக் கொண்டு பார்க்க. சேர்விஸைத் திருப்பியடிப்பதில் வல்லவரான ஜோக்கோவிச்சுக்கு எதிரே அவ்வாறு கொள்வது மிகையன்று. அப்போது D 0.775 ஆகக் குறையும். 40–15இல் போட்டி வெற்றி நூற்றுக்கு 98.6. 99.3உக்கும் 98.6உக்கும் பெரிய வேறுபாடில்லைப்போலத் தோன்றும். ஆயின் தோல்வியின் பக்கம் நின்று நோக்கின் ஆயிரத்துக்கு ஏழு, ஆயிரத்துக்குப் பதினான்காகி இரட்டித்துவிட்டது. ஆகவே திரையிலே தசமத்துடன் எண் தோன்றும்போது அத்தசமத்தை நம்பற்க.

போட்டி நடக்கும்போதே p ஐத் திருத்தலாமே என்பர் சிலர். திருத்தலாம், ஆயினும் மெதுவாகத் திருத்தல் வேண்டும். எழுபது வீதக்காரர் ஒருவர் இன்று நாற்பது புள்ளி சேர்விஸ் செய்து இருபத்துநான்கையே வென்றார் எனின், அது அறுபது வீதம். அவர் கை தளர்ந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் நாற்பது புள்ளிகளிலே தற்செயலாகவே ஏழு வீதம் அளவான நியம விலகல் உண்டு. பத்து வீதக் குறைவு வியப்பன்று. பழைய பதிவுகளுக்குப் பெரும் பங்கும் இன்றைய புள்ளிகளுக்குச் சிறு பங்குங் கொடுத்து, புள்ளிகள் சேரச்சேரப் பின்னதை உயர்த்துவதே தக்க முறை. உண்மையான காயத்தைச் சங்கிலி அறியாது. நொண்டி நடப்பவரைக் கண்ணாற் காண்பவன் அதனிலும் முன்னே அறிவான்.

இரண்டாவது, p மாறாது என்னுங் கொள்கை. ஒல்லாந்து நாட்டு ஆய்வாளரான கிளாசன், மக்னஸ் என்போர் 1992 முதல் 1995 வரையுள்ள விம்பிள்டன் போட்டிகளிலிருந்து தொண்ணூறாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த புள்ளிகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டனர். முந்திய புள்ளியை வென்றவர்க்கு அடுத்ததிலும் சிறு சாதகம் உண்டென்றும், கனமான புள்ளிகளில் சேர்விஸ் செய்பவரின் வாய்ப்புச் சற்றுக் குறைகின்றதென்றும் கண்டனர். ஆகவே கொள்கை கண்டிப்பாக நோக்கின் பொய்; ஆனால் விலகல் சிறிதாதலின், பெரும்பாலான தேவைகளுக்கு அது போதும் என்பதே அவர்கள் முடிவு. நமது உதாரணத்தில் இவ்விலகல்கள் இரண்டும் பெடரருக்கு எதிராகவே செல்வன: புள்ளிகளை இழந்துகொண்டிருந்தார், கனமும் ஏறிக்கொண்டிருந்தது. உண்மை நிகழ்தகவு டியூஸில் 92.2இலும் சற்றுக் கீழே இருந்திருக்கலாம்.

99.3 என்று சொன்ன கணக்கு, அவர் தோற்றமையாற் பிழையாகிவிட்டதா? ஆகாது. ஒரு போட்டியால் எக்கணக்கும் பிழையென்றோ சரியென்றோ நிறுவப்படுவதில்லை. சோதிக்கும் வழி வேறு. பல நூறு போட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சங்கிலி எண்பது என முதன்முதலிற் சொன்ன கணத்தைக் குறித்து, அவற்றுள் நூற்றுக்கு எண்பதளவில் அவ்வாட்டக்காரர் வென்றனரா என எண்ணவேண்டும். எழுபதே வென்றிருப்பின் சங்கிலி மிகையாக நம்புகின்றது. பெரும்பாலும் குற்றம் p இல் இருக்கும். தொண்ணூற்றொன்பது என்ற வரிசைக்கும் அவ்வாறே செய்க. அவ்வரிசையிலே ஒருவரேனும் தோற்கவில்லையெனின், அப்போதுதான் கணக்கை நாம் ஐயுறவேண்டும்.

விம்பிள்டனில் 2022 முதல் ஐந்தாஞ் செற்றும் 6–6 ஆனவுடன் பத்துப் புள்ளி ரைபிரேக்குடன் முடிகின்றது; 8–7 என்னும் நிலையே இனி அங்கில்லை. சங்கிலிக்கு அது பொருட்டன்று. செற்றின் முடிவு நிலைகளை மட்டும் மாற்றி எழுதினாற் போதும். ஆட்டத்தின் பதினைந்து நிலைகளும் அவ்வாறே நிற்கும்.