பால் கொடுத்த கையோடு மாத்திரை

பால் கொடுக்கும் தாய்க்கு ஆஸ்துமா மோசமாகிறது. தினமும் காலையில் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் சாப்பிடச் சொல்லி டாக்டர் எழுதித் தருகிறார். ஸ்டீராய்டு மாத்திரை என்றதும் வீட்டில் பயம் வந்துவிடுகிறது. ஒன்று, மாத்திரையை நிறுத்துகிறார்கள்; இல்லாவிட்டால் தாய்ப்பாலை நிறுத்துகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. மாத்திரை போடும் நேரத்தைக் கொஞ்சம் மாற்றினாலே போதும்.

பெரும்பாலான மருந்துகள் ரத்தத்திலிருந்துதான் பாலுக்குள் கசிகின்றன. ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறினால் பாலிலும் ஏறும். ரத்தத்தில் குறையத் தொடங்கியதும், பாலில் இருக்கும் மருந்து மறுபடி ரத்தத்துக்கே திரும்பும். அதனால் மருந்தை வெளியேற்றுவதற்காகப் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. நேரம் போனாலே பாலில் அளவு இறங்கிவிடும். மார்பு கட்டிக்கொண்டு வலித்தால் மட்டும் பீய்ச்சினால் போதும்.

பிரெட்னிசலோன் பாலில் உச்சத்தைத் தொடுவது மாத்திரை போட்டுச் சுமார் ஒரு மணி நேரத்தில். அதன்பின் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. இதை வைத்துத்தான், தினசரி அளவு 20 மில்லிகிராமைத் தாண்டினால் மாத்திரைக்குப் பின் 4 மணி நேரம் பால் கொடுப்பதைத் தள்ளிப்போடலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 20 மில்லிகிராமுக்குள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம்.

மேலே சொன்ன தாயின் குழந்தைக்கு ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு வயிறு நிறையப் பால் கொடுக்கிறார். உடனே ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஆறரைக்கு மாத்திரை. அடுத்து பால் கொடுப்பது பத்தரைக்கு. நடுவில் எட்டரைக்கே குழந்தை பசித்து அழுதால், முந்தைய நாள் மாலை பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்த பாலைப் பாலாடையில் புகட்டலாம். அதுவும் இல்லையென்றால் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது, மார்பிலேயே கொடுத்துவிடலாம். இந்த மருந்து பாலில் சேர்வதே மிகக் கொஞ்சம்தான்.

எல்லா மருந்துக்கும் இந்த உத்தி பலிக்காது. டயசிபாம் போன்றவை நாள்கணக்கில் உடம்பில் தங்குவதால், எப்போது போட்டாலும் பாலில் இருந்துகொண்டே இருக்கும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளும் மருந்தை மணிக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பதால், உச்சம் எப்போது என்று பார்த்து ஒதுங்க முடியாது. பிறந்த சில நாளே ஆன குழந்தையோ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்கும். அங்கே நான்கு மணி நேர இடைவெளி நடக்காத காரியம். இப்படிப்பட்ட இடங்களில் நேரத்தை மாற்றிப் பயனில்லை, வேறு மருந்து உண்டா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதனால் சீட்டு எழுதும்போதே, “டாக்டர், நான் பால் கொடுக்கிறேன், பாப்பாவுக்கு இத்தனை மாதம், இந்த மாத்திரையை எப்போது போட்டால் நல்லது?” என்று கேட்டுவிடலாம். ஸ்டீராய்டைப் பல வாரமாகச் சாப்பிட்டு வருபவர்கள், பயந்துபோய்த் தாமாகச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.